ஆர்.ஓ. தண்ணீரை பி.எச். பேப்பரில் பார்த்தால் ஆளுக்கொரு எண் வருகிறதே, எதை நம்புவது?

"பெங்களூரில் ஒயிட்ஃபீல்ட் பக்கம் அடுக்குமாடியில் இருக்கிறோம். போர்வெல் தண்ணீர்தான், வீட்டில் ஆர்.ஓ. வைத்திருக்கிறோம். சர்வீஸுக்கு வந்தவர் 'உங்கள் தண்ணீர் அமிலமாக இருக்கிறது, ஆல்கலைன் கேட்ரிட்ஜ் போடுங்கள்' என்கிறார். பையனின் பள்ளி வேலைக்கு வாங்கிய பி.எச். பேப்பரில் பார்த்தேன். எனக்கு 6 என்று தெரிந்தது, என் மனைவி 7 என்றாள், கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் 5 மாதிரி இருந்தது. லிட்மஸ் பேப்பரில் சிவப்பும் மாறவில்லை, நீலமும் மாறவில்லை. எந்த நிறத்தை நம்புவது?"

மூன்று எண்களில் முதலில் பார்த்த 6-தான் உண்மைக்கு அருகில் இருக்கும். 7 என்று தெரிந்ததற்கு வெளிச்சம் காரணமாக இருக்கலாம். 5 என்று தெரிந்தது தாள் காய்ந்ததால். லிட்மஸ் மாறாததில் எந்தத் தவறும் இல்லை, அந்தத் தண்ணீருக்கு அது அப்படித்தான் நிற்க வேண்டும். குழாயில் 6 காட்டும் அதே தண்ணீரை இரண்டு டம்ளரில் காபி ஆற்றுவது போல ஆற்றிவிட்டு மறுபடி பாருங்கள், ஏறக்குறைய 7-க்கு வந்துவிடும். அதைப் பார்த்த பிறகு கேட்ரிட்ஜ் பற்றி முடிவு செய்யலாம். ஏன் அப்படி என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பீன்யாவில் முலாம் பூசும் தொழிற்சாலை ஒன்றிலும், பிறகு ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்திலும் இருபது வருடத்துக்கு மேல் இந்தப் பேப்பரோடுதான் என் பிழைப்பு.

லிட்மஸை முதலில் முடித்துவிடுவோம். லிட்மஸ் என்பது பாறையிலும் மரத்திலும் படரும் ஒருவகைப் பாசிக்காளானிலிருந்து எடுக்கும் சாயம். ஏறக்குறைய 4.5-க்குக் கீழே அது தெளிவான சிவப்பு, 8.3-க்கு மேலே தெளிவான நீலம். இடையில் உள்ள அவ்வளவு பெரிய இடைவெளியிலும் அது ஊதா கலந்த ஏதோ ஒரு நிறம். குடிக்கிற தண்ணீர் முழுக்க அந்த இடைவெளிக்குள்தான் இருக்கிறது. அதனால் சிவப்புத் தாள் சிவப்பாகவே நிற்கும், நீலத் தாள் நீலமாகவே நிற்கும், அதிகம் போனால் இரண்டும் லேசாக மங்கும். நம் வீட்டில் ஆரத்தி கரைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு விழுந்ததும் சிவக்கிறது. சுண்ணாம்பு இல்லாத தண்ணீர் 5-ஆ, 7-ஆ என்று மஞ்சளைக் கேட்டால் அதற்குச் சொல்லத் தெரியாது. ஒரு சாயத்துக்கு ஒரு வாசல்தான். லிட்மஸின் வாசல் அகலமானது, அதனால் இன்னும் மொண்ணை. எலுமிச்சைச் சாறையும் சோப்புத் தண்ணீரையும் பிரித்துக் காட்டப் பள்ளிக்கூடத்துக்கு அது போதும். உங்கள் கேள்விக்கு உதவாது.

நீங்கள் வாங்கிய 1 முதல் 14 வரையிலான பேப்பரில் பல சாயங்கள் கலந்திருக்கின்றன. மெத்தில் ரெட், புரோமோதைமால் புளூ, தைமால் புளூ, ஃபீனால்ஃப்தலீன் ஆகியவைதான் வழக்கமான கூட்டு. ஒன்றின் வாசல் முடியும் இடத்தில் அடுத்ததன் வாசல் தொடங்கும். மெத்தில் ரெட் 4.4-இலிருந்து 6.2-க்குள் சிவப்பிலிருந்து மஞ்சளாகிறது. புரோமோதைமால் புளூ 6.0-இலிருந்து 7.6-க்குள் மஞ்சளிலிருந்து நீலமாகிறது. இவை ஒன்றன்மேல் ஒன்று விழுவதால்தான் பேப்பரோடு வரும் நிற அட்டையில் 5-க்குக் காவி கலந்த மஞ்சள், 6-க்கு மஞ்சள், 7-க்குப் பச்சை, 8-க்கு நீலப் பச்சை என்று வருகிறது. கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும், ஆனால் வரிசை இதுதான்.

இதில் இரண்டு விஷயங்கள் உங்களை நேரடியாகப் பாதித்திருக்கின்றன. ஒன்று, 6-க்கும் 7-க்கும் உள்ள வித்தியாசம் மஞ்சளில் எவ்வளவு நீலம் கலந்திருக்கிறது என்பதுதான். வேறு எதுவும் இல்லை. ஆகவே அறையின் வெளிச்சம் மஞ்சளைக் கூட்டினாலோ குறைத்தாலோ எண் அப்படியே நகரும். இன்னொன்று, தொடாத பேப்பரே மஞ்சள் அல்லது லேசான ஆரஞ்சு நிறத்தில்தான் இருக்கும். ஒரு புதுத் துண்டை உலர்ந்தபடியே அட்டைமேல் வைத்துப் பாருங்கள். அது 5-க்கும் 6-க்கும் நடுவில் எங்காவது பொருந்தி நிற்கும். காயக் காயத் தாள் தன் பழைய நிறத்துக்கு அருகே திரும்பத்தான் பார்க்கும். கொஞ்ச நேரம் கழித்து நீங்கள் பார்த்த 5 அதுதான். அது தண்ணீர் சொன்ன எண் அல்ல, தாளே சொன்ன எண்.

வெளிச்சத்தைப் பற்றி நான் பாடம் கற்றது ஒரு ராத்திரி ஷிஃப்டில். நிக்கல் முலாம் பூசிக் கழுவிய தண்ணீரை வெளியே விடும் முன் சுண்ணாம்பு போட்டு 9-க்கு மேல் ஏற்ற வேண்டும், அப்போதுதான் நிக்கல் கசடாகக் கீழே படியும். தொட்டிக்கு மேலே பழைய சோடியம் விளக்கு, ஆரஞ்சு வெளிச்சம். பேப்பரை நனைத்துப் பார்த்தேன், கருத்த சாம்பல் மாதிரி தெரிந்தது. நீலம்தான் இருட்டாகத் தெரிகிறது என்று எடுத்துக்கொண்டு சுண்ணாம்பை நிறுத்திவிட்டேன். காலையில் வந்து பார்த்தால் தொட்டித் தண்ணீர் முழுக்கப் பச்சையாக நிற்கிறது, கசடு படியவே இல்லை. வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பார்த்தபோது பேப்பர் 7-இன் பச்சை. அந்த விளக்கில் பச்சை, நீலம், ஊதா எல்லாம் ஒரே சாம்பல்தான் என்று எங்கள் சூப்பர்வைசர் அப்புறம்தான் சொன்னார். திருப்பத்தூர்க்காரர், பேப்பர் படிப்பதில் அவரை மிஞ்சிய ஆளை நான் பார்த்ததில்லை. "பேப்பர நனைக்கிறது தொட்டிகிட்ட, பாக்குறது வாசப்படில" என்பார். அன்றிலிருந்து அந்தத் தொட்டிப் பக்கம் ஒரு வெள்ளை விளக்கு போட்டார்கள்.

வீட்டில் சோடியம் விளக்கு இல்லை, சரி. ஆனால் சமையலறையில் மஞ்சள் எல்.இ.டி. இருந்தால் அதுவே போதும். மஞ்சள் வெளிச்சத்தில் பச்சை கொஞ்சம் மஞ்சளாகத் தெரிந்து எண் குறையும். நீல நிறம் தூக்கலான வெள்ளைக் குழல்விளக்கின் கீழ் எதிர்த்திசையில் நகரும். பச்சைச் சுவர், பச்சைத் திரைச்சீலை, ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம் இவையும் தாளில் பிரதிபலிக்கும். நீங்களும் உங்கள் மனைவியும் வேறு வேறு இடத்தில் நின்று பார்த்திருந்தால், 6-க்கும் 7-க்கும் உள்ள சண்டை அங்கேயே தீர்ந்துவிடும். காலை பத்து மணிக்கு மேல், நேர் வெயில் படாத ஜன்னலோரம் அல்லது பால்கனி நிழல், கீழே வெள்ளைப் பீங்கான் தட்டு. இதைவிட நல்ல ஏற்பாடு பரிசோதனைக் கூடத்தில்கூட எங்களுக்கு இருந்ததில்லை. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியச் சிரமப்படும் ஆண்கள் சிலர் உண்டு. வீட்டில் அப்படி யாராவது இருந்தால் இந்த வேலையை மற்றவர் செய்வதுதான் நியாயம். போனில் படம் எடுத்து அனுப்புவதானால் துண்டும் அட்டையும் ஒரே படத்தில் இருக்கட்டும். கேமரா தன் இஷ்டத்துக்கு வெள்ளையைச் சரிசெய்யும், இரண்டும் ஒரே படத்தில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே மாறும்.

இனி படிக்கும் முறை. கையைக் கழுவி நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள், விரல் வியர்வையும் சோப்பு மிச்சமும் தாளை மாற்றிவிடும். துண்டைக் கிழித்து ஓரத்தை மட்டும் பிடியுங்கள். வழக்கமான தண்ணீருக்கு, துண்டைத் தண்ணீரில் ஒரு நொடி முக்கி எடுத்து, தட்டின் விளிம்பில் தட்டி அதிகப்படித் தண்ணீரை உதறிவிட்டு, ஈரமாக இருக்கும்போதே அட்டையின் அருகில் கொண்டு போங்கள். அட்டையின் மேலேயே வைத்துத் தேய்க்காதீர்கள். சாயம் அட்டையில் ஒட்டிக்கொண்டால் அடுத்த தடவை அட்டையே பொய் சொல்லும். பார்ப்பதற்கு உள்ள நேரம் அரை நிமிடம். உங்கள் பேப்பரின் உறையில் வேறு நேரம் அச்சிட்டிருந்தால் அதைப் பின்பற்றுங்கள்.

பார்க்கும்போது எந்தக் கட்டம் என்று நேரே தேடாமல், எது இல்லை என்று இரண்டு பக்கத்திலிருந்தும் கழித்துக்கொண்டு வாருங்கள். 5-இன் காவி இதில் இருக்கிறதா? இல்லை. 8-இன் நீலம் இருக்கிறதா? இல்லை. மிச்சம் 6-உம் 7-உம். இதில் 6-ஐ விடப் பச்சையா, 7-ஐ விட மஞ்சளா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் நோட்டில் "6-க்கும் 7-க்கும் இடையில்" என்று எழுதுங்கள். 6.5 என்று எழுதாதீர்கள். ஒரு எண் இடைவெளியில் அச்சிட்ட அட்டை அரை எண்ணைச் சொல்லாது, நம் கண்தான் சொல்கிறது. அரை எண் வேண்டுமென்றால் குறுகிய வீச்சுப் பேப்பர் என்று கேட்டு வாங்குங்கள். 6-இலிருந்து 8 வரைக்கு மட்டும் வரும் புத்தகத்தில் கட்டங்கள் நெருக்கமாக இருக்கும். சிக்பேட்டை, அவென்யூ ரோடு பக்கம் பரிசோதனைக் கூடச் சாமான் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, அட்டையும் பேப்பரும் ஒரே உறையில் வந்தவையாக இருக்க வேண்டும். ஒரு கம்பெனியின் 7 இன்னொரு கம்பெனியின் 6.5 போல இருக்கலாம், சாயக் கூட்டு வேறு. பேப்பர் பழையதா என்ற சந்தேகம் இருந்தால் வீட்டிலேயே சோதிக்கலாம். சமையல் சோடா கால் ஸ்பூனை ஒரு டம்ளர் தண்ணீரில் கரையுங்கள். சோடா கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் அந்தக் கரைசல் 8.3 பக்கத்திலேயே நிற்கும், அதுதான் அதன் விசேஷம். புதிதாகப் பிரித்த பாக்கெட் பால் 6.6-க்கும் 6.8-க்கும் நடுவில் இருக்கும். ஒரு சொட்டுப் பாலைத் தாளின் ஒரு பக்கம் வைத்து, மறுபக்கம் ஊறி வரும் நிறத்தைப் பாருங்கள். சோடா நீலப் பச்சையும், பால் மஞ்சள் பச்சையும் காட்டினால் பேப்பர் உயிரோடு இருக்கிறது. காட்டாவிட்டால் உறையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள். பாத்ரூம் கழுவும் ஆசிட் பாட்டில் இருக்கும் அலமாரியில் வைத்த பேப்பர் பல வீடுகளில் இப்படித்தான் கெட்டிருக்கிறது. மூடிய பாட்டிலிலிருந்து கசியும் ஆவியே போதும்.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் ஆர்.ஓ. தண்ணீரில் பேப்பர் தடுமாறும். இதுதான் உங்கள் கேள்வியின் மையம்.

தண்ணீருக்கு ஒரு பி.எச். இருப்பது ஒரு விஷயம், அந்த பி.எச்.-ஐ விட்டுக்கொடுக்காமல் பிடித்துவைக்கும் வலு இருப்பது இன்னொரு விஷயம். பாடப்புத்தகத்தில் தாங்கல் என்று படித்திருப்போம். போர்வெல் தண்ணீரில் அந்த வலுவைத் தருவது பைகார்பனேட். நம் ஊர்ப் பாறைக்குள் ஊறி வரும் தண்ணீரில் அது நிறைய உண்டு, கெட்டிலில் வெள்ளையாகப் படிவதும் அதனால்தான். ஆர்.ஓ. அந்த உப்புகளை ஏறக்குறைய எல்லாவற்றையும் எடுத்துவிடுகிறது. மிஞ்சுவது வலுவில்லாத தண்ணீர்.

பேப்பரில் உள்ள சாயங்களே மெலிந்த அமிலங்கள்தான். வலுவுள்ள தண்ணீர் அவற்றைத் தன் வழிக்கு இழுத்துவிடும். வலுவில்லாத தண்ணீரைச் சாயமும் தாளும் சேர்ந்து தம் வழிக்கு இழுத்துவிடும். அப்போது நீங்கள் படிப்பது தண்ணீரையா தாளையா என்று சொல்ல முடியாது. இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஒரு டம்ளர் போர்வெல் தண்ணீர், ஒரு டம்ளர் ஆர்.ஓ. தண்ணீர் எடுத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுக் கலக்குங்கள். போர்வெல் தண்ணீரில் நிறம் ஏறக்குறைய அசையாது. ஆர்.ஓ. தண்ணீரில் தாள் காவி ஆரஞ்சுக்குப் போய்விடும். இரண்டு சொட்டுக்கே இப்படி என்றால், தாளில் ஊறியிருக்கும் சாயத்துக்கு அது எவ்வளவு வளைந்து கொடுக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆகவே ஆர்.ஓ. தண்ணீருக்கு முறையைக் கொஞ்சம் மாற்ற வேண்டும். தாளின் மேல் ஒரு சொட்டு விட்டால் தண்ணீர் குறைவு, சாயம் அதிகம், தாள்தான் ஜெயிக்கும். பெரிய டம்ளர் நிறையத் தண்ணீர் எடுத்து அதில் துண்டை மெல்ல அசைத்தால் தண்ணீரின் பக்கம் தராசு சாயும். ஆனால் சாதாரணப் பேப்பரை அதிக நேரம் விட்டால் சாயம் கரைந்து ஓடிவிடும். துண்டைச் சுற்றித் தண்ணீரில் மெல்லிய நிறப் புகை தெரிந்தால் அந்தப் படிப்பைக் கணக்கில் எடுக்காதீர்கள். சாயம் கரையாதபடி நாரோடு பிணைத்த பிளாஸ்டிக் குச்சி வடிவப் பட்டைகள் விற்கின்றன, விலை கூடுதல். அவற்றை ஆர்.ஓ. தண்ணீரில் சில நிமிடம், நிறம் இனி மாறாது என்று தெரியும்வரை வைத்திருக்கலாம். இந்தத் தண்ணீரை அடிக்கடி பார்க்கப் போகிறீர்கள் என்றால் அந்தச் செலவு தகும். சொட்டு விட்ட படிப்பும் டம்ளரில் முக்கிய படிப்பும் ஒத்துப்போகாவிட்டால், அந்த வித்தியாசமே இந்தத் தண்ணீருக்கு வலு இல்லை என்று உங்களுக்குச் சொல்லிவிடும்.

சரி, தாளின் தவறை எல்லாம் கழித்த பிறகும் உங்கள் தண்ணீர் 6 காட்டலாம். சர்வீஸ்காரர் சொன்னதில் அவ்வளவு உண்மை இருக்கிறது. ஏன் 6 என்பதைப் பார்ப்போம்.

ஆர்.ஓ. சவ்வு உப்பைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. நிலத்தடித் தண்ணீரில் பைகார்பனேட்டோடு கரியமில வாயுவும் கரைந்திருக்கிறது. சோடா பாட்டிலில் இருக்கும் அதே வாயு, அளவு மட்டும் மிகக் குறைவு. தண்ணீரின் பி.எச்.-ஐ முடிவு செய்வது இந்த இரண்டுக்கும் உள்ள விகிதம். இரண்டும் சம அளவாக இருந்தால் பி.எச். ஏறக்குறைய 6.35. பைகார்பனேட் பத்து மடங்கு இருந்தால் ஒரு எண் கூடி 7.35. பத்தில் ஒரு பங்கு இருந்தால் ஒரு எண் குறைந்து 5.35.

ஒரு போர்வெல் தண்ணீரை எடுத்துக்கொள்வோம். அதில் பைகார்பனேட் 6 பங்கு, கரியமில வாயு 0.6 பங்கு என்று வைப்போம். கடினமான போர்வெல் தண்ணீருக்கு இது இயல்பான அளவு. பத்து மடங்கு இருப்பதால் பி.எச். 7.35, பேப்பரில் பச்சை. சவ்வு பைகார்பனேட்டில் நூற்றுக்கு தொண்ணூற்றைந்தைத் தடுத்துவிட்டது என்றால் மிச்சம் 0.3. வாயு அப்படியே 0.6 வந்துவிடும். இப்போது பைகார்பனேட் வாயுவில் பாதிதான். பி.எச். 6.05. பேப்பரில் மஞ்சள். உங்கள் வீட்டு மெஷின் எந்த அமிலத்தையும் சேர்க்கவில்லை. தாங்கிப் பிடித்ததை எடுத்துவிட்டு வாயுவை மட்டும் விட்டுவைத்திருக்கிறது.

அந்த வாயு தண்ணீரில் நிரந்தரமாக இருப்பதில்லை. காற்றில் பட்டால் வெளியேறும். முழுக்க வெளியேறிக் காற்றோடு சமநிலைக்கு வந்தால் 0.015 பங்கு அளவுதான் மிஞ்சும். அவ்வளவு தூரம் போக வேண்டாம், பத்தில் ஒரு பங்காகக் குறைந்து 0.06 ஆனாலே பைகார்பனேட் அதைவிட ஐந்து மடங்கு, பி.எச். 7.05. பேப்பர் பச்சைக்கு வந்துவிடும். இதற்குத்தான் ஆற்றச் சொன்னேன். இரண்டு எவர்சில்வர் டம்ளர், கையை நன்றாக உயர்த்தி நுரை வருகிற மாதிரி முப்பது தடவை ஆற்றுங்கள். காபி ஆற்றத் தெரிந்த கைக்கு இரண்டு நிமிட வேலை.

கே.ஆர். புரத்தில் என் தங்கை வீட்டில் இதே பிரச்சினை வந்தது. போன மாதம் போய் உட்கார்ந்து பார்த்தோம். குறுகிய வீச்சுப் பேப்பர், பால்கனி நிழல், வெள்ளைத் தட்டு. போர்வெல் குழாய்த் தண்ணீர் 7-க்கும் 7.5-க்கும் இடையில். ஆர்.ஓ. குழாயிலிருந்து நேரே பிடித்தது, தங்கையும் நானும் தனித்தனியாகப் பார்த்து எழுதினோம், இருவரும் 6. அதையே ஆற்றிப் பார்த்தபோது தாள் தெளிவாகப் பச்சைக்கு நகர்ந்தது, நான் 7 என்றேன், அவள் 7-க்குச் சற்றுக் கீழே என்றாள். பிடித்துவைத்து ராத்திரி முழுக்கத் திறந்த பாத்திரத்தில் இருந்த தண்ணீரும் அதே 7. பரிசோதனைக் கூடத்து மீட்டரில் கொண்டுபோய்ப் பார்த்ததில் நேரே பிடித்தது 6.1, ஆற்றியது 7.2. நேரே பிடித்த சாம்பிளைப் பாட்டிலின் கழுத்துவரை நிரப்பி, காற்றுக்குமிழி இல்லாமல் மூடி எடுத்துப் போனேன். பாதி பாட்டில் காலியாக இருந்திருந்தால், ஆட்டோவில் குலுங்கியே அது ஆற்றின தண்ணீர் ஆகியிருக்கும். நீங்களும் கூடத்துக்குக் கொடுப்பதானால் இதை மறக்காதீர்கள்.

இனி கேட்ரிட்ஜ். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500 குடிநீருக்கு 6.5 முதல் 8.5 வரை என்கிறது. குழாயில் 6 என்பது அதற்குக் கொஞ்சம் கீழேதான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 6 என்ற தண்ணீர் வயிற்றுக்கு அமிலமாகப் போய்ச் சேர்கிறது என்று பயமுறுத்தினால் நம்பாதீர்கள். நாம் தினமும் குடிக்கும் மோர் 4-க்கும் 5-க்கும் நடுவில் இருக்கிறது, அதுவும் தன் பி.எச்.-ஐப் பிடித்துவைக்கும் வலுவோடு. குறைந்த பி.எச். உள்ள தண்ணீரின் கெடுதல் பெரும்பாலும் உலோகத்தில்தான். பித்தளைக் குழாயையும் செம்பையும் அது மெல்ல அரிக்கும். ஆகவே செம்புப் பாத்திரத்தில் ராத்திரி ஊற்றிவைக்கும் வழக்கம் இருந்தால், ஆர்.ஓ. தண்ணீரை ஆற்றாமல் அதில் ஊற்ற வேண்டாம். எவர்சில்வரிலோ மண்பானையிலோ பிடித்துத் திறந்த வாயில் துணி கட்டிவைத்தால், காலையில் அது தானாகவே 7 பக்கம் வந்திருக்கும்.

சுண்ணாம்புக்கல் துகள் போட்ட கேட்ரிட்ஜ் உண்மையிலேயே வேலை செய்யும், அந்தக் கரியமில வாயு கல்லைக் கரைத்துப் பைகார்பனேட்டாக மாறும், கொஞ்சம் கால்சியமும் திரும்பி வரும். தண்ணீரின் ருசி உங்களுக்குச் சப்பென்று இருந்தால் அதற்காகப் போடலாம். வந்தவர் சொட்டு மருந்து பாட்டிலை எடுத்து உங்கள் தண்ணீரில் மஞ்சளும் தன் தண்ணீரில் நீலமும் காட்டினால், அதே பாட்டிலிலிருந்து அதே அளவு சொட்டை ஆற்றிய தண்ணீரிலும் விடச் சொல்லுங்கள். அந்த மூன்றாவது டம்ளரையும் ஜன்னலோரத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். கரைந்திருக்கும் உப்பின் மொத்த அளவான டி.டி.எஸ். பற்றியோ, நைட்ரேட், ஃபுளோரைடு பற்றியோ பி.எச். பேப்பர் எதுவும் சொல்லாது. போர்வெல் தண்ணீருக்கு அவற்றை வருடம் ஒரு தடவையாவது கூடத்தில் பார்ப்பது, இந்த 6-ஆ 7-ஆ என்பதைவிட எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். முப்பது தடவை ஆற்றிய பிறகும், மறுநாள் திறந்து வைத்துப் பார்த்த பிறகும் தாள் மஞ்சளிலேயே நின்றால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். தண்ணீரில் உப்பே இல்லாமல் போய்த் தாள் தன் நிறத்தைத்தான் காட்டுகிறது. அப்படியானால் டி.டி.எஸ். மீட்டர் 20-க்கும் கீழே காட்டும், மெஷினில் உள்ள டி.டி.எஸ். திருகைக் கொஞ்சம் திறந்து மறுபடி பாருங்கள். டி.டி.எஸ். 50, 100 என்று இருந்தும் மஞ்சள் மாறாவிட்டால் அது கரியமில வாயு இல்லை, வேறு ஏதோ அமிலம் கலந்திருக்கிறது. முதலில் சர்வீஸ் செய்தபோது டேங்கைக் கழுவிய ஆசிட் மிச்சமா என்று விசாரியுங்கள். பத்து லிட்டர் தண்ணீரை ஓடவிட்டுக் கொட்டிவிட்டு மறுபடி பார்த்தும் அப்படியே இருந்தால், அந்தத் தண்ணீரைக் குடிக்காமல் கழுத்துவரை நிரப்பிய பாட்டிலில் கூடத்துக்குக் கொடுங்கள்.